மச்சான் விலகுகிறார்: குட்வில் எவ்வளவு கொடுப்பது?

“மதுரை கீழவாசல் பக்கம் அண்ணன், மச்சான், நான் மூவரும் சமபங்கில் பாத்திரக் கடை வைத்திருக்கிறோம். அண்ணன் கல்லாவில் இருப்பார். வெளியூர் ஆர்டர் மச்சான் பொறுப்பு, அதற்குக் கமிஷன் எடுத்துக்கொள்வார். நான் வேறு வேலையில் இருக்கிறேன். மச்சான் இப்போது விலகுகிறார். மூன்று வருட லாபம் 6, 7.2, 9 லட்சம். கடையில் உள்ள மூலதனம் 25 லட்சம். குட்வில் 22.2 லட்சம், மச்சானுக்கு 7.4 லட்சம் தரவேண்டும் என்கிறார் புரோக்கர். சரிதானா?”

சரியில்லை. உங்கள் கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தை முதலில் எடுத்துப் பாருங்கள். கடைப்பெயருக்கும் வாடிக்கைக்கும் உள்ள மதிப்பான குட்வில்லை எந்த முறையில் கணக்கிடுவது என்று அதில் எழுதியிருந்தால் அதன்படிதான் போகவேண்டும். எழுதவில்லை என்றால் மேலே படியுங்கள்.

புரோக்கர் செய்தது சராசரி லாப முறை. மூன்று வருட லாபத்தைக் கூட்டி மூன்றால் வகுத்து 7.4 லட்சம் சராசரி எடுத்து, அதை மூன்று வருடத்துக்குப் பெருக்கியிருக்கிறார். பெருக்கல் சரி, லாபம்தான் தப்பு. நீங்கள் அனுப்பிய கணக்குத்தாளில் கடைசி வருட 9 லட்சத்துக்குள் பழைய டெம்போவை விற்ற லாபம் 1.2 லட்சம் இருக்கிறது. டெம்போவை வருடா வருடம் விற்கமுடியாது. அதைக் கழித்தால் சராசரி 7 லட்சம். அடுத்து, காலை முதல் ராத்திரி வரை கடையில் இருக்கும் அண்ணன் சம்பளமாக ஒரு ரூபாய்கூட எழுதவில்லை. அவர் இடத்தில் ஒரு மேனேஜரைப் போட்டால் மாதம் 20,000 ஆகும். அந்த 2.4 லட்சம் அண்ணனின் உழைப்புக்கான கூலி, கடைப்பெயர் சம்பாதித்ததல்ல. மிஞ்சுவது 4.6 லட்சம். சொந்தக்காரர்கள் நடத்தும் கடைகளில் இந்தச் சம்பளத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். புரோக்கர்கள் மறப்பதில்லை, கண்டுகொள்வதில்லை. குட்வில் தொகையில் சதவீதம் வாங்குகிறவர் தொகையைக் குறைப்பாரா?

இனி உயர் லாப முறை. 25 லட்சத்தை இதே மாதிரி வேறொரு கடையில் போட்டிருந்தால் வருடத்துக்கு 12 சதவீதம், அதாவது 3 லட்சம் கிடைத்திருக்கும் என்று வைப்போம். உங்கள் கடை 4.6 தருகிறது. அதிகப்படியான 1.6 லட்சம்தான் பெயருக்கும் வாடிக்கைக்கும் கிடைப்பது. மூன்று வருடத்துக்கு 4.8 லட்சம். மச்சான் பங்கு 1.6 லட்சம். அதை நீங்களும் அண்ணனும் ஆளுக்கு 80,000 போட்டுக் கொடுக்கவேண்டும். அவருடைய மூலதனக் கணக்கில் நிற்பது தனி.

மூலதனமாக்கும் முறையில் 4.6 லட்சத்தை 12 சதவீதத்தால் வகுத்தால் 38.33 லட்சம் வரும். அதில் 25 லட்சத்தைக் கழித்தால் குட்வில் 13.33 லட்சம். அந்த 1.6 லட்சத்தை நேரே 12 சதவீதத்தால் வகுத்தாலும் இதே தொகைதான். இவ்வளவு பெரிதாக வருவதற்குக் காரணம், அந்த அதிக லாபம் என்றைக்கும் நிற்கும் என்று இந்த முறை நம்புவது. எதிர்வரிசையில் ஒரு புதுக் கடை வந்தால் ஆட்டம் காணும் வியாபாரத்துக்கு அந்த நம்பிக்கை அதிகம். விகிதத்தை 15 ஆக்கினால் 13.33 லட்சம் 5.67 லட்சமாகச் சுருங்கிவிடும். பன்னிரண்டாம் வகுப்பு கணக்குப்பதிவியலில் விகிதத்தைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். நிஜத்தில் அதை யார் முடிவு செய்வது என்று ஒருவரும் சொல்லித்தருவதில்லை. பஞ்சாயத்தில் பாதிச் சண்டை அதில்தான். ஆகவே கணக்கில் உட்காரும் முன்பே மூவரும் விகிதத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் கடைக்கு உயர் லாப முறைதான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஒன்று. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் கடைக்காரர்களுக்கு உங்கள் கடைப் பெயரைவிட மச்சான் முகம் நன்றாகத் தெரியும் என்றால், அந்த 1.6 லட்சத்தில் பெரும்பகுதி அவரோடு பஸ் ஏறிப் போய்விடும். காசு கொடுத்தும் வாடிக்கை உங்களிடம் நிற்காது. 1932-ம் வருடக் கூட்டாண்மைச் சட்டத்தின் 36-வது பிரிவு, விலகியவர் போட்டிக் கடை போடலாம் என்கிறது. கடையின் பெயரைப் பயன்படுத்தக் கூடாது, பழைய வாடிக்கையாளரிடம் போய் ஆர்டர் கேட்கக் கூடாது என்றும் சொல்கிறது. அவர்களே தேடிப் போனால்? தடுக்கமுடியாது. நியாயமான காலத்துக்கோ, ஓர் எல்லைக்குள்ளோ இதே வியாபாரம் செய்வதில்லை என்று அவரிடம் எழுதி வாங்க அதே பிரிவு இடம் தருகிறது. விலகல் பத்திரத்தில் ஊர்ப் பெயரும் வருடக் கணக்கும் இருக்கட்டும். ‘சுற்றுவட்டாரம்’ என்று மட்டும் எழுதினால் அது எதுவரை என்று கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக அலையவேண்டி வரும். அவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் மூன்று வருடத்தை ஒரு வருடமாக்கிப் பேசுங்கள். அப்போது குட்வில் 1.6 லட்சம், அவர் பங்கு சுமார் 53,000.

புரோக்கரின் தாளில் யாரும் கையெழுத்துப் போடவேண்டாம்.