சைக்கிள் கொடுத்தாயிற்று, ஓடுகிறதா?

கேள்வி: கல்லல் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினராக இருக்கிறேன். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுத்தார்கள். ரிஜிஸ்டரில் எல்லாக் கையெழுத்தும் இருக்கிறது, கணக்கும் சரி. பணம் உருப்படியாகச் செலவானதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: கையெழுத்து, சைக்கிள் கைமாறியதை மட்டும்தான் சொல்லும். அதற்குமேல் சிக்கனம், திறன், பயன் என்று மூன்றையும் பார்ப்பதுதான் செயல்திறன் தணிக்கை. அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. செய்கிற தணிக்கைகளில் இதுவும் ஒன்று.

முதலில் சிக்கனம். சைக்கிளை மாநில அளவில் டெண்டர் விட்டு வாங்குவதால், விலையில் நீங்கள் பார்க்க அதிகம் இல்லை. வாங்கிய வாரத்திலேயே பிரேக், செயின், டியூப் என்று சைக்கிள் கடையில் பெற்றோர் எவ்வளவு கொடுத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். அதையும் சேர்த்தால்தான் உண்மை விலை.

திறனுக்குத் தேதிதான் முக்கியம். ஒரு கணக்குக்காகச் சைக்கிள் 4,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் வந்தால் இரண்டு ஆண்டில் 20 பள்ளி மாதங்கள் ஓடும், மாதத்துக்கு 225 ரூபாய். ஜனவரியில் வந்தால் 13 மாதம்தான், 346 ரூபாய் ஆகிவிடும். ரிஜிஸ்டரில் இரண்டுமே ‘வழங்கப்பட்டது’ என்றுதான் இருக்கும். என் அனுபவத்தில் இந்தத் தேதியை யாரும் பார்ப்பதே இல்லை, அது எனக்குப் பெரிய வருத்தம்.

பயனைப் பார்ப்பதுதான் கடினம். அறிவிக்காமல் ஒரு வாரம் காலையில் வாசலில் நின்று, எத்தனை பேர் அந்தச் சைக்கிளில் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். 100 பேரில் 60 பேர்தான் என்றால், மீதி 40 வண்டி எங்கே என்று வீட்டில் விசாரியுங்கள். அப்பா வேலைக்கு எடுத்துப் போகலாம், விற்றிருக்கலாம், இலவச பஸ் பாஸ் இருப்பதால் தேவைப்படாமலும் இருக்கலாம். மூன்றும் வேறு வேறு முடிவு.

அப்புறம் வருகைப் பதிவேடு. மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருபவர்களையும் பள்ளிக்குப் பக்கத்தில் இருப்பவர்களையும் தனித்தனியாகப் பிரித்து, சைக்கிள் வருவதற்கு முன்னும் பின்னும் வருகையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு கூடியிருந்தால் அதற்குக் காரணம் சைக்கிள் என்று சொல்ல முடியாது. தூரத்துப் பிள்ளைகளின் வருகை மட்டும் கூடியிருந்தால் சைக்கிள் உதவியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரே பள்ளி என்பதால் இது உறுதியான சான்று ஆகாது, மாவட்டத்துக்கே பொருத்திப் பேசவும் முடியாது.

ஒரு எச்சரிக்கை: அளவுகோலை முதலிலேயே எழுதி வையுங்கள். எந்த மாதத்துக்குள் வர வேண்டும், யாருக்கு என்று அரசாணை என்ன சொல்கிறதோ அதுதான் உங்கள் அளவுகோல். எண்களைப் பார்த்த பிறகு அளவுகோல் வைத்தால் யாரையும் குற்றவாளி ஆக்கிவிடலாம். தாமதம் டெண்டரிலா, பாகங்களைப் பொருத்துவதிலா, விழாத் தேதிக்குக் காத்திருந்ததிலா என்று கண்டுபிடிக்காமல் தலைமையாசிரியர் மேல் எழுதாதீர்கள்.

அரசாணையும் வண்டிகள் வந்திறங்கிய செல்லான் நகலும் பள்ளியில் கிடைக்காவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப்போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். செல்லான் தேதியையும் விநியோகத் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வண்டி எத்தனை நாள் சும்மா நின்றது என்பது தெரிந்துவிடும்.