பழைய எண் போய்விட்டது: வங்கிக் கடிதத்தில் என்ன எழுதுவது?

"அப்பாவின் பழைய எண் ரீசார்ஜ் செய்யாமல் போய்விட்டது. ஓடிபி வருவதில்லை. தண்டையார்பேட்டையில் உள்ள வங்கிக் கிளையில் கடிதம் கேட்கிறார்கள். என்ன எழுதுவது?"

நாளைக்கே கொடுத்துவிடுங்கள் ஐயா. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாட்கள் கழிந்ததும் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அதன் பிறகு அப்பாவின் ஓடிபி அந்நியர் கைக்குப் போகும். ஆகவே புதிய எண்ணைச் சேர்க்கச் சொன்னால் மட்டும் போதாது, பழையதை நீக்கவும் கேளுங்கள். அப்பா எழுதுவதாக இப்படி:

"எனது சேமிப்புக் கணக்கில் பதிவான ……… என்ற கைப்பேசி எண் இப்போது என் பயன்பாட்டில் இல்லை. அதை என் எல்லாக் கணக்குகளிலிருந்தும் இணையவழிச் சேவையிலிருந்தும் நீக்கி, ……… என்ற எண்ணைப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

மேலே கிளை மேலாளருக்கு என்று விளித்து, கணக்கு எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். புதிய எண்ணை எழுத்தாலும் எழுதிவிடுங்கள். 1, 7 குழப்பம் வராது.

கையெழுத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ராயபுரத்தில் என் அம்மாவின் கடிதம் திரும்பி வந்தது. கணக்குத் தொடங்கியபோது தமிழில் கையெழுத்திட்டவர், கை நடுங்குவதால் இப்போது முதலெழுத்துகளை மட்டும் போட்டிருந்தார். அப்பா பாஸ்புக், ஆதார் அசல், நகல் ஆகியவற்றோடு நேரில் போகட்டும். கையெழுத்து மாறியிருந்தால் அங்கேயே புதிய மாதிரிக் கையெழுத்தைக் கொடுக்கலாம்.

கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். பிறகு ஏடிஎம்மில் 100 ரூபாய் எடுத்துப் பாருங்கள். புதிய எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரவில்லையென்றால், அந்த நகலோடு மீண்டும் கிளைக்குப் போங்கள்.