மகளின் டப்பிங் ஆசை: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அன்புள்ள அக்கா,

போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது நீங்கள் கேட்டதற்கு அன்றைக்கு முழுப் பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. "நாலு வருசமா ஹிந்தி நாடகம் பார்த்துப் பார்த்தே ஹிந்தி பழகிட்டாள். ஏ.எல் முடிஞ்சதும் டப்பிங்தான் எண்டு நிக்கிறாள். இது ஒரு தொழிலா தம்பி?" என்றீர்கள். தொழில்தான், அக்கா. ஆனால் டப்பிங் என்ற ஒரு சொல்லுக்குள் வேறு வேறு வேலைகள் இருக்கின்றன. அவற்றில் எது உங்கள் பிள்ளைக்குக் கைகூடும் என்பதை அறிய, சனல்கள் இந்த நாடகங்களை எப்படி வாங்குகின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு தமிழ் சனல் சொந்தமாக நாடகம் எடுத்தால் வீடு, செட், நடிகர், கமரா என்று நாள்தோறும் செலவு. ஹிந்தியில் ஏற்கெனவே ஓடி முடிந்த நாடகம் என்றால் படம் தயாராக இருக்கிறது. உரிமைக்கும் குரலுக்கும் மட்டும் காசு கொடுத்தால் போதும். சிறிய சனல்கள் இந்த வழியைப் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். நீங்களே பார்த்திருப்பீர்கள்: ராஜ் ரீவியில் வந்த "சிந்து பைரவி" ஹிந்தியில் "உத்தரன்", "மண் வாசனை" ஹிந்தியில் "பாலிகா வது". பொலிமரில் வந்த "உள்ளம் கொள்ளை போகுதடா" ஹிந்தியில் "படே அச்சே லக்தே ஹேன்". பெரிய குழுமங்களுக்கு இது இன்னும் லேசு. ஸ்டார் பிளஸ் 2013இல் எடுத்த மகாபாரதம் அதே குழுமத்தின் விஜய் ரீவிக்குத் தமிழில் வந்தது. ஒரு வீட்டுக்குள்ளேயே பாத்திரம் கைமாறுகிற மாதிரி.

வாங்குவது என்றால் நாடகத்தையே வாங்குவதல்ல. எந்த மொழிக்கு, எந்த நாடுகளுக்கு, எத்தனை எபிசோட், எத்தனை வருடம், எத்தனை தடவை ஒளிபரப்பலாம், இணையத்திலும் போடலாமா என்று ஒவ்வொன்றையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கிறார்கள். "பாலிகா வது" 2008 முதல் 2016 வரை ஓடி 2000 எபிசோட்டைத் தாண்டிய நாடகம். அப்படியொன்றைத் தமிழ் சனல் பகுதி பகுதியாக எடுத்துப் பார்க்கலாம், பார்வையாளர் ஒட்டவில்லை என்றால் அடுத்த பகுதியை எடுக்காமல் விட்டுவிடலாம். கதை பாதியில் நின்று, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முடிவைத் தேடி யூரியூப்பில் ஹிந்தி எபிசோட்டுகளுக்குப் போவது இதனால்தான். மகள் ஹிந்தி பழகியதும் அப்படித்தான் என்று அவளே சொன்னாள்.

காசோடு சேர்த்து இரண்டு பொருள்கள் கைக்கு வரவேண்டும். ஒன்று, எழுத்து எதுவும் பதியாத படம். மற்றது, பேச்சு இல்லாமல் இசையும் ஓசையும் மட்டும் உள்ள தனி ஒலித்தடம். இரண்டாவது வராவிட்டால் என்ன நடக்கும் என்பதை வீட்டில் இருந்தே கண்டுபிடிக்கலாம். பாத்திரம் பேசத் தொடங்கியதும் பின்னால் கேட்ட கொலுசு, கதவு, மழை எல்லாம் சட்டென்று அணைந்துபோகும், பேச்சு முடிந்ததும் திரும்பி வரும். பழைய பேச்சை வெட்டும்போது அதோடு ஒட்டியிருந்த ஓசையும் போய்விடுகிறது. பார்ப்பவர்களுக்கு அந்தக் காரணம் தெரியாது. "என்னவோ ஒட்டேல்லை" என்று சொல்லிவிட்டு சனலை மாற்றுவார்கள்.

அடுத்து வசனம். இங்கேதான் உங்கள் மகளுக்கு இடம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அன்றைக்கு அவளுடைய போனில் ஒரு காட்சி போட்டுக் காட்டினாள். கணவனின் தம்பி வந்து "பாபி, மா ஆப்கோ புலா ரஹீ ஹே" என்கிறான். இதைத் தமிழில் எழுது என்றேன். உடனே எழுதினாள்: "அண்ணி, அம்மா உங்களக் கூப்பிடுறாங்க". பொருள் சரி. ஆனால் ஓர் உயிரொலிக்கு ஓர் அசை என்று எண்ணினால், ஹிந்தியில் அது 10 அசை, அவள் எழுதியது 12. பையனின் வாய் மூடிய பிறகும் குரல் ஓடிக்கொண்டிருக்கும். அதைவிட, முகம் திரை நிறைய இருக்கும்போது "பாபி" என்று உதடு இரண்டு தரம் ஒட்டுகிறது. "அண்ணி" சொல்ல உதடு ஒட்டவே தேவையில்லை.

சரி, என்ன செய்யலாம்? தமிழில் "உங்கள" இல்லாமலே பொருள் விளங்கும், அதைத் தூக்கிவிடலாம். அப்புறம் விளிப்பைப் பின்னுக்குக் கொண்டுபோகலாம்: "அம்மா கூப்பிடுறாங்க அண்ணி". இப்போது 9 அசை. தொடக்கத்தில் "பாபி" இருந்த இடத்தில் "அம்மா" விழுகிறது, உதடு ஒட்டுகிறது. கடைசியில் "ரஹீ ஹே" என்ற இடத்தில் உதடு திறந்தே இருக்கிறது, அங்கே "அண்ணி" அழகாக உட்காருகிறது. நடுவில் "புலா"வின் ஒட்டல் போலச் சில தவறுகின்றன, பேச்சு வேகத்தில் அவை அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. இதை விளக்கியபோது மகளின் முகத்தைக் கவனித்தீர்களா? படத்தைப் பின்னுக்கு ஓட்டி ஓட்டி மூன்று தரம் பார்த்தாள். நடிகைகளைப் பற்றிக் கதைத்தபோது இல்லாத ஆர்வம் அப்போது வந்தது. நான் அதை முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

ஹிந்தியிலும் தமிழிலும் வினை கடைசியில் வருவதால் இந்த வேலை ஓரளவு இலகு. முகபாவம் மாறுகிற இடமும் சொல்லின் கனம் விழுகிற இடமும் பெரும்பாலும் பொருந்தும். இடறுவது வழக்கங்களில்தான். வகிட்டில் இடும் சிந்தூரத்தைக் குங்குமம் என்று விடலாம், மங்கல்சூத்ராவைத் தாலி என்று விடலாம். ஆனால் கணவனுக்காக விரதமிருந்து சல்லடை வழியாக நிலவைப் பார்க்கிற கர்வா சௌத்துக்கு நம்மிடம் ஈடு இல்லை. அதை வேறு விரதத்தின் பெயரால் அழைத்தால் சல்லடையைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்கள் நம்பமாட்டார்கள். ஒரு வரியில் விளக்கிவிட்டுக் கடந்துபோவதே நல்லது. பார்வையாளர்கள் வடக்கத்திய சேலைக்கட்டையும் வீட்டையும் ஏற்றுக்கொள்கிறார்கள். பொய்யான ஒப்பனையைத்தான் ஏற்பதில்லை.

இன்னொரு சங்கடம் நம்முடையது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை இயல்பாக "அம்மா கூப்பிடுறா" என்றுதான் எழுதும். அசைக் கணக்குக்கு அது நல்ல வசதி, ஆனால் சென்னையில் எடுபடாது. அங்கே "கூப்பிடுறாங்க"தான் வேண்டும், "மச்சாள்" வேண்டிய இடத்தில் "நாத்தனார்" வேண்டும். சென்னை சனல்களுக்குப் பார்வையாளர் கணக்கைத் தருகிற பார்க் நிறுவனம் இந்தியாவுக்குள் மட்டுமே அளக்கிறது. நாங்கள் வீட்டில் எத்தனை பேர் குந்தியிருந்து பார்த்தாலும் அந்த டி.ஆர்.பி.யில் ஒரு புள்ளியாகவும் வரமாட்டோம். ஆகவே எங்கள் காதுக்காக அவர்கள் மொழியை மாற்றப்போவதில்லை. மகள் இரண்டு பேச்சையும் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

குரல் கொடுப்பதைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மகள் முதலில் கேட்டது அதைத்தான். அந்த வேலை சென்னையில் சங்க உறுப்பினர் அட்டையோடு நடக்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் போய் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது முற்பணம் கேட்டால் கொடுக்கவேண்டாம், அக்கா.

இந்தச் சந்தை நிலையானதும் அல்ல. டப்பிங் நாடகம் பெருகினால் உள்ளூர் நடிகர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வேலை குறையும், அவர்கள் எதிர்ப்பது நியாயமான பயம். மேற்கு வங்கத்தில் வங்காளிக்கு டப் செய்த வேறொரு மகாபாரத நாடகத்தை ஒளிபரப்பக்கூடாது என்று அங்குள்ள கலைஞர் அமைப்பு சனல்களை நெருக்கியது. அது சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று பார்க்கிற இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போய், 2017இல் இந்திய உச்ச நீதிமன்றம் வரை வந்தது. அப்படி நெருக்கியது போட்டிச் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பாயிற்று. சட்டப்படி வழி திறந்தே இருக்கிறது. ஆனால் சனல்களே இப்போது வேறு வழியில் போகின்றன. வங்காளி "ஸ்ரீமோயீ"யை டப் செய்யாமல் அதன் கதையை வாங்கி, தமிழ் நடிகர்களை வைத்து "பாக்கியலட்சுமி"யாக விஜய் ரீவி எடுத்தது. நல்ல கதை என்று தெரிந்தால் இரவு நேரத்துக்கு மறுஆக்கம், மத்தியான நேரத்தை நிரப்ப டப்பிங் என்று போகிற சந்தையில், டப்பிங்கை மட்டும் நம்பி ஒரு பிள்ளையை இறக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் என்னுடைய யோசனை இது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புக் கற்கைகளை முதல் தெரிவாக வைக்கட்டும். களனிப் பல்கலைக்கழகத்தில் ஹிந்தியைப் பாடமாகவே படிக்கலாம், ஆனால் வீட்டை விட்டு அனுப்ப நீங்கள் தயங்குவது எனக்கு விளங்குகிறது. எங்கே படித்தாலும் தேவநாகரி எழுத்து கட்டாயம். மகளுக்கு ஹிந்தி காதால் வந்தது, வாசிக்கத் தெரியாது. வசனப் பிரதி அந்த எழுத்தில் வந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டிவரும். ஆக்ராவில் உள்ள கேந்திரிய ஹிந்தி சன்ஸ்தான் வெளிநாட்டு மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. பட்டப்படிப்புக்குப் பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம். மொழிபெயர்ப்புப் பட்டம் கையில் இருந்தால் டப்பிங் இல்லாத காலத்திலும் ஆவண மொழிபெயர்ப்பு, உபதலைப்பு என்று வேலை தேடலாம்.

இப்போதைக்கு அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அவளுக்குப் பிடித்த நாடகத்தில் இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஹிந்தி அசை எண்ணிக்கை, உதடு ஒட்டும் இடங்கள், தமிழ் வரி என்று ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதட்டும். எழுதி முடித்ததும் நீங்கள் படத்தைச் சத்தமில்லாமல் ஓட்டுங்கள், அவள் பக்கத்தில் இருந்து வாசிக்கட்டும். கதை தெரியாத ஒருவர், உங்கள் மாமியார் என்றாலும் சரி, பார்த்துக்கொண்டிருக்கட்டும். எந்த இடத்தில் அவர் கண்ணைச் சுருக்குகிறார் என்று குறித்து வையுங்கள். அந்த வரிகளைத் திருத்தித் திரும்ப ஓட்ட வேண்டும். மூன்றாம் தரம் திருத்தும்போது மகளுக்கு அலுத்துப்போகிறதா, இல்லை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழும்ப மாட்டேன் என்கிறாளா என்பதையும் கவனியுங்கள். இரண்டு கிழமை கழித்து, சனிக்கிழமை பத்து மணிக்கு, அந்தக் கொப்பியோடு வாருங்கள்.