ஏரி நீரில் பகலில் தெரியும் கார்பனேட் விடியலில் எங்கே போகிறது?

கேள்வி: பெங்களூரில் எங்கள் வீட்டருகே உள்ள ஏரி நீரின் காரத்தன்மையைக் கல்லூரித் திட்டப்பணிக்காகப் பார்க்கிறேன். பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்த நீரில் பினாப்தலீன் விட்டால் இளஞ்சிவப்பு வருகிறது. விடியற்காலை நீரில் நிறமே இல்லை. ஆனால் மொத்தக் காரத்தன்மை இரண்டிலும் 160. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்:

நீங்கள் தவறு செய்யவில்லை. இரண்டு அளவீடுகளும் சரியானவையே. ஏரிதான் பகலுக்கும் இரவுக்கும் இடையே மாறியிருக்கிறது. இதே நகரில் ஒரு நீர் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக இந்தச் சோதனையைச் செய்து வருகிறேன். ஏரி நீரில் இது ஏறக்குறைய அன்றாடக் காட்சி.

முதலில், இரண்டு முடிவு நிலைகளும் எதை அளக்கின்றன என்று பார்ப்போம். 0.02 நார்மல் கந்தக அமிலத்தைப் பியூரெட்டிலிருந்து விட்டுக்கொண்டே போனால், pH 8.3-ஐ எட்டும் வரை ஒவ்வொரு கார்பனேட்டும் ஒரு ஹைட்ரஜன் அயனியை ஏற்றுப் பைகார்பனேட்டாகிறது. பினாப்தலீனின் இளஞ்சிவப்பு மறைவது அந்த இடத்தில்தான். அதற்கு மேலும் அமிலம் விட்டால், நீரில் முன்பே இருந்த பைகார்பனேட்டும் இப்போது புதிதாக உண்டான பைகார்பனேட்டும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகின்றன, pH 4.5 அளவில் இரண்டாவது முடிவு வருகிறது. ஆக, ஒரு கார்பனேட் முழுமையாக முறிய இரண்டு பங்கு அமிலம் வேண்டும். அதில் ஒரு பங்குதான் முதல் முடிவுக்குள் செலவாகிறது. முதல் முடிவின் மதிப்பை P என்றும், தொடக்கத்திலிருந்து இரண்டாம் முடிவு வரையிலான மதிப்பை T என்றும் கொண்டால், P-ஐ இரட்டிப்பது இதனால்தான்.

```
கார்பனேட் = 2P
பைகார்பனேட் = T − 2P
```

T-யில் பாதியை P தாண்டாதபோது மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். P பாதியைத் தாண்டினால் ஹைட்ராக்சைடு இருக்கிறது என்று பொருள். இயற்கையான ஏரியில் அப்படி வருவதில்லை. புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டியில் தேங்கிய நீரில் பார்த்திருக்கிறேன். அங்கே சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வருகிறது.

உங்கள் பிற்பகல் நீரை எடுத்துக்கொள்வோம். பியூரெட் அளவுகளை நீங்கள் குறிப்பிடவில்லை. மொத்தம் 160 என்பதால் இப்படி வைத்துக்கொள்கிறேன். 100 மி.லி. நீருக்கு முதல் முடிவு 2.2 மி.லி.யிலும் இரண்டாம் முடிவு 16.0 மி.லி.யிலும் வருகின்றன. இந்த அமிலத்தில் 1 மி.லி. என்பது 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம், 100 மி.லி. நீர் எடுத்ததால் 10-ஆல் பெருக்கினால் லிட்டருக்கான அளவு கிடைக்கும். P 22, T 160. எனவே கார்பனேட் 44, பைகார்பனேட் 116. இரண்டும் லிட்டருக்கு மில்லிகிராமில், கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டவை. அயனியாகவே எழுத வேண்டுமானால் கார்பனேட்டை 0.6-ஆலும் பைகார்பனேட்டை 1.22-ஆலும் பெருக்குங்கள்: ஏறக்குறைய 26-உம் 142-உம் வரும். அறிக்கையில் எந்த முறையில் எழுதினோம் என்று குறிக்காமல் விடுவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமன்று.

விடியற்காலை நீரில் P சுழி. 160 முழுவதும் பைகார்பனேட். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கிறது. கரைந்திருந்த வாயு தீர்ந்ததும் இரண்டு பைகார்பனேட்டுகள் சேர்ந்து ஒரு கார்பனேட்டையும் ஒரு கார்பன் டை ஆக்சைடையும் தருகின்றன. அந்த வாயுவும் பாசிக்குள் போய்விடுகிறது. உங்கள் நீரில் லிட்டருக்கு 0.88 மில்லிமோல் பைகார்பனேட் குறைந்திருக்கிறது. அதில் பாதி, அதாவது 0.44 மில்லிமோல், கார்பனேட்டாக நிற்கிறது. ஒரு கார்பனேட் ஏற்கும் அமிலம் இரண்டு பைகார்பனேட்டுகள் ஏற்கும் அமிலத்துக்குச் சமம் என்பதால் மொத்தம் மாறாமல் 160-ஆகவே இருக்கிறது. இரவில் ஒளிச்சேர்க்கை நின்று, பாசியும் நுண்ணுயிரிகளும் சுவாசிப்பதால் கார்பன் டை ஆக்சைடு திரும்பி வந்து, கார்பனேட் மறுபடியும் பைகார்பனேட்டாகிறது. கார்பன் டை ஆக்சைடு நீருக்குள் வந்தாலும் வெளியே போனாலும் T அசையாது. P மட்டுமே அசையும். இந்தச் சோதனையைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் மாணவரிடம் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கால்சியம் மிகுந்த நீரில் pH நன்றாக ஏறினால் கால்சியம் கார்பனேட் வெண்படிவாகப் பிரிந்துவிடும். அப்போது T உண்மையாகவே குறையும். பிற்பகல் T விடியற்காலை T-ஐவிட 20 குறைந்திருந்தால் கால்சியம் கடினத்தன்மையையும் அளந்து பாருங்கள். அதுவும் ஏறக்குறைய 20 குறைந்திருந்தால் காரணம் படிவுதான்.

P இவ்வளவு எளிதில் அசைவதால், நீர் புட்டியில் இருக்கும் நேரமும் கணக்கில் வருகிறது. ஆய்வகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில், பாதி மட்டுமே நிரப்பிய ஒரு புட்டியில் வந்த ஏரி நீரை நான் மாலையில் சோதித்தேன். முதல் முடிவு 2 மி.லி.க்கு அருகில் வந்தது. மறுநாள் காலை அதே புட்டியிலிருந்து மீண்டும் எடுத்தபோது 1 மி.லி.யைச் சற்றே தாண்டியது. T மட்டும் அப்படியே இருந்தது. அமிலம் கெட்டுவிட்டதோ என்று நான் அதை மறுபடியும் தரப்படுத்தப் போக, உடன் பணியாற்றிய அக்கா புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். உள்ளே மெல்லிய பச்சை. இருட்டில் இரவெல்லாம் பாசி சுவாசித்திருக்கிறது. புட்டியின் மேல்பாதியில் இருந்த காற்றும் தன் பங்குக்குக் கார்பன் டை ஆக்சைடைக் கொடுத்திருக்கிறது. போர்வெல் நீரில் இது தலைகீழாக நடக்கும். அதில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருப்பதால் திறந்து வைத்தால் வாயு வெளியேறி pH ஏறும். குழாயடியில் நிறம் காட்டாத நீர் மறுநாள் இளஞ்சிவப்புக் காட்டுவதும் உண்டு. ஆகவே புட்டியை நீருக்குள் அமிழ்த்தி, குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, நீருக்குள்ளேயே மூடுங்கள். முடிந்தால் முதல் முடிவை ஏரிக்கரையிலேயே பாருங்கள்; T-ஐ ஆய்வகத்துக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

முதல் முடிவில் கை பதறக் கூடாது. அமிலத்தை விரைந்து விட்டால் துளி விழும் இடத்தில் கார்பனேட் பைகார்பனேட்டோடு நிற்காமல் கார்பன் டை ஆக்சைடு வரை போய், அந்த வாயு தப்பிவிடும்; அதற்குச் செலவான கூடுதல் அமிலம் P-யில் ஏறிவிடும். குடுவையை வேகமாகக் குலுக்குவதும் தவறு, ஏனென்றால் காற்றோடு வாயுப் பரிமாற்றம் நடக்கிறது. குடுவையை மெல்லச் சுழற்றிக்கொண்டே துளித்துளியாக விடுங்கள். நிறம் சட்டென்று மறையாது. இளஞ்சிவப்பு வெளுத்து வெளுத்து, இருக்கிறதா இல்லையா என்று ஐயப்படும் நிலைக்கு வரும். அந்த ஐயத்தில் 0.2 மி.லி. தவறினால், P-ஐ இரட்டிப்பதால் கார்பனேட்டில் அது லிட்டருக்கு 4 மி.கி. ஆகிறது. நாங்கள் பக்கத்தில் இன்னொரு குடுவையில் தூய சோடியம் பைகார்பனேட் கரைசலை அதே அளவு எடுத்து, அதே எண்ணிக்கைத் துளி பினாப்தலீன் விட்டு வைப்போம். அதன் pH ஏறக்குறைய 8.3 என்பதால், அந்த மங்கல் நிறத்தோடு ஒப்பிட்டு நிறுத்துவது எளிது. இரண்டாம் முடிவைக் காட்டும் மெத்தில் ஆரஞ்சில் மஞ்சள் ஆரஞ்சாகத் திரும்பும் முதல் சாயலிலேயே நிறுத்துங்கள்; சிவக்கும் வரை போனால் T கூடிவிடும்.

கடைசியாக, பெங்களூர் ஏரிகளுக்கு மிகவும் வேண்டிய ஒன்று. மேலே சொன்ன வாய்பாடு, நீரில் அமிலத்தை ஏற்பவை கார்பனேட்டும் பைகார்பனேட்டும் மட்டுமே என்று எடுத்துக்கொள்கிறது. சாக்கடை கலக்கும் ஏரியில் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் அமிலத்தை ஏற்கும். pH 9.5 உள்ள நீரில் லிட்டருக்கு 10 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் இருந்தால் அதுவே P-யில் ஏறக்குறைய 20-ஐக் கூட்டிவிடும். இரட்டித்ததும் இல்லாத கார்பனேட் 40 காகிதத்தில் ஏறிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க pH மீட்டர் போதும். கார்பனேட்டும் பைகார்பனேட்டும் மோல் கணக்கில் சமமாக இருக்கும்போது நீரின் pH ஏறக்குறைய 10.3. உங்கள் பிற்பகல் நீரில் கார்பனேட் 0.44 மில்லிமோல், பைகார்பனேட் 2.32 மில்லிமோல், விகிதம் 0.19, அதன் மடக்கை −0.7. எனவே pH 9.6 வர வேண்டும். கரைந்த உப்புகளால் மீட்டர் அதைவிட 0.1 அளவு குறைவாகக் காட்டலாம். நீர் எடுத்தவுடன் மீட்டர் 9.5 காட்டினால் உங்கள் கார்பனேட் மதிப்பை நம்பலாம். மீட்டர் 9.0 மட்டுமே காட்டி, P மட்டும் 22 என்று நின்றால், P-யின் பெரும்பகுதி கார்பனேட் அன்று. அப்போது அறிக்கையில் P, T, pH ஆகியவற்றை மட்டும் நீர் எடுத்த நேரத்தோடு எழுதி, அம்மோனியாவை அளக்கும் வரை கார்பனேட் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள்.