அடுத்து எப்போது பார்ப்பது? சொற்களுக்கான இடைவெளி

கேள்வி: ஜெர்மன் சொற்களை இடைவெளி விட்டு மனப்பாடம் செய்கிறேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்?

1, 3, 7, 16 நாள் என்று தொடங்குங்கள். சொல் நினைவுக்கு வரும்போதெல்லாம் அடுத்த இடைவெளியை இரண்டு மடங்குக்குச் சற்று மேல் நீட்டுவதுதான் இந்த முறை. மறக்கப்போகும் நேரத்தில் கொஞ்சம் திணறி மீட்ட சொல்தான் நன்றாகப் பதிகிறது. செடி மாதிரிதான்: மேல்மண் காய்ந்தபின் ஊற்றினால் வேர் ஆழத்துக்குப் போகும், சும்மா சும்மா தெளித்தால் மேலேயே நின்றுவிடும்.

மடங்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி விட்ட 50 சொற்களை எடுத்து எண்ணிப் பாருங்கள். 45 வாக்கில் நினைவிருந்தால் அப்படியே விடலாம். 49 என்றால் மூன்று மடங்காக நீட்டுங்கள். 38தான் என்றால் ஒன்றரையாகக் குறையுங்கள். மறந்த சொல் மறுநாளே திரும்ப வரட்டும்.

எனக்கு ஷ்லுஸ்ஸல் (சாவி), ஷுஸ்ஸல் (கிண்ணம்) இரண்டும் நாலு தடவை தவறின. இடைவெளியைக் குறைத்தும் பயனில்லை. ஒன்று மற்றதைக் குழப்பியதுதான் காரணம். கிண்ணத்தை இரண்டு வாரம் ஒதுக்கிவைத்தேன், சரியானது.

எல்லாச் சொல்லும் தவறாமல் நினைவுக்கு வந்தால் முறை சிறப்பாக ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தேவைக்கு மேல் அடிக்கடி பார்க்கிறீர்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.