மளிகைக் கடையில் விற்கும் மசாலாவுக்கு ரீச் விளம்பரம் வாங்கலாமா?

"எங்கள் மசாலாப் பொடி 3 மாவட்டக் கடைகளில் கிடைக்கிறது. மெட்டாவில் கன்வெர்ஷன் நோக்கத்தை விட்டு ரீச்–ஃப்ரீக்வென்சி வாங்குவது சரியா?"

உங்கள் நிலையில் சரிதான். ரீச்–ஃப்ரீக்வென்சி என்பது எத்தனை பேருக்கு, எத்தனை முறை காட்டுவது என்று முடிவுசெய்து விளம்பரம் வாங்குவது. வாங்கக்கூடியவர்களைத் தேடிக் காட்டும் கன்வெர்ஷன் நோக்கமோ தனக்குத் திரும்பி வரும் வாங்கல் தகவலைக் கொண்டே ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது. கடையில் ரொக்கத்துக்கு விற்கும் பாக்கெட் அதன் கண்ணில் படுவதே இல்லை. அதற்கு ஈடாக இணையதள வருகையைக் கொடுத்தால், எதையும் தட்டிப் பார்க்கும் பழக்கமுள்ளவர்களையே அது தேடிப்பிடிக்கும். சமையலுக்குப் பொருள் வாங்குபவர்களை அல்ல.

கணக்கு எளிது. அந்த மாவட்டங்களில் 20 லட்சம் பேருக்கு, வாரம் 2 முறை வீதம் 4 வாரங்கள் காட்டினால் 1.6 கோடி காட்சிகள்; ஆயிரம் காட்சிக்கு 40 ரூபாய் எனக் கொண்டால் 6.4 லட்சம் ரூபாய். கையில் 2 லட்சம்தான் இருக்கிறதென்றால் வாரம் 2 முறை என்பதைக் குறைக்காமல், ஒரே மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சரக்கு போகாத ஊரில் விளம்பரம் ஓடுவதுதான் இதில் வழக்கமாக நேரும் வீண்செலவு.

பலனை அறிய, விளம்பரம் ஓடாத மாவட்டம் ஒன்றை ஒதுக்கி, இரண்டிலும் விநியோகஸ்தருக்கு வரும் மறு ஆர்டர்களை ஒப்பிடுங்கள். பெரும்பாலான விற்பனை இணையத்திலேயே நடக்கும் கடைக்கு இந்த வாதம் பொருந்தாது. அங்கே கன்வெர்ஷனே முதலில்.