சிரிக்காமலே கிண்டல் செய்கிறவரிடம் எப்படி வழிவது? பாம்பன் அக்கா பதில்கள்

மண்டபம், விசைப்படகுத் தம்பி: தடைக்காலத்தில் ஒரு பெண்ணோடு மெசேஜில் பழக்கம். "நீங்க பேசலேன்னா கடலே வத்திப்போன மாதிரி இருக்கு" என்று நாலு இதயத்தோடு அனுப்பினேன். "அப்ப வலை எதுக்கு, கூடையில பொறுக்கிக்கலாமே" என்கிறாள். மட்டம் தட்டுகிறாளா அக்கா?

இல்லை தம்பி. கடல் வற்றியது நிஜம் என்றே வைத்துக்கொண்டு அடுத்த அடி போட்டிருக்கிறாள். பிடிக்காதவள் அந்தக் கூடையைத் தேடியிருக்க மாட்டாள். நீ கெடுத்தது அதற்குப் பிறகுதான்: "ஹாஹா செம, சும்மா சொன்னேன்" என்று அனுப்பியிருப்பாய். இந்த மாதிரி ஆளிடம் விளக்கினால் விளையாட்டு முடிந்தது. இதயத்தை எல்லாம் எடுத்துவிட்டு, கணக்கு ஒப்பிக்கிற குரலில் எழுது: "பொறுக்கியாச்சு. சீலா ஒண்ணு உங்களுக்குன்னு தனியா வச்சிருக்கேன். ஐஸ் கரையறதுக்குள்ள சொல்லுங்க." உன் ஆசை முழுக்க 'உங்களுக்குன்னு' என்பதில் ஒளிந்திருக்கிறது. அதை அவள் கண்டுபிடிக்கட்டும்.

தொண்டிக்காரர்: அவள் ஸ்மைலியே போடாத ஆளாக இருந்தால்? சுபாவமா, விருப்பமில்லையா?

ஸ்மைலியைப் பார்க்காதீர்கள். நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லையாவது பிடித்துத் திருப்பித் தருகிறாளா என்று பாருங்கள். 'ம்', 'சரி' மட்டுமே வந்துகொண்டிருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். நேரில் பேசினால் இன்னும் தெளிவாகும். எழுத்தில் நானே ஏமாந்திருக்கிறேன்.

ராமேஸ்வரம் மாணவர்: நக்கல் பண்ணுகிறவளுக்குத் திருப்பி நக்கல், அவ்வளவுதானே?

பாதி சரி. எதைக் குத்துகிறாய் என்பதுதான் மீதி. நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் தாமதமாகப் போய், பாலம் தூக்கிவிட்டார்கள் என்று அளந்தான். தூக்குகிறது ரயில் பாலத்தை. "பஸ்ஸுக்கும் தூக்குறாங்களோ?" என்றாள் அவள். "உங்க ஆபீஸ்ல மட்டும் யாரு நேரத்துக்கு வர்றா?" என்று திருப்பினான். அவள் வேலையில் கை வைத்தாகிவிட்டது, ஒரு வாரம் பேச்சில்லை. "டிரைவர் மரியாதைக்கு நின்னுட்டாருங்க" என்றிருந்தால் அடி அவன் பொய்யின் மேலேயே விழுந்திருக்கும், அவளும் இன்னொன்று போட்டிருப்பாள்.

கீழக்கரை அக்கா ஒருவர்: இது காதலர்களுக்கு மட்டுமா? என் வீட்டுக்காரருக்கு ஜோக்கே புரியாது. கரையில் கிடக்கிற சிப்பியைக் கொண்டுவந்து நீட்டுகிறார். "இதை வச்சு குழம்பா வைக்கிறது?" என்று கேட்டால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்கிறார்.

அவருக்கு ஜோக் புரிகிறது, நேரம்தான் பிடிக்கவில்லை. உருகுகிற ஆளுக்கு, அவர் நீட்டும்போது முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும். "எங்க கிடைச்சது?" என்று ஒரு கேள்வி போதும். குழம்பு ஜோக்கை நாளைக்குச் சொல்லுங்கள், அதுவும் சிப்பி ஜன்னலோரம் இருக்கும்போது. எங்கள் வீட்டில் இப்போது ஜன்னல் சாத்த முடியாத அளவுக்குச் சிப்பி.